நிழலை வாங்கிய கரடிக்கு ஒரு குரல்

நூலகத்தின் சிறுவர் பிரிவில் சனிக்கிழமை மாலை கதை சொல்லும் வேலை, குடும்பத்தின் முதல் பட்டதாரியான உதவியாளன் தலையில் விழுந்தது. மாலைக்கு நீட்டுவதுபோல் கழுத்தை நீட்டித்தான் வாங்கிக்கொண்டான்.

சின்ன வயதில் அக்கா சொன்ன கதையையே எடுத்தான். காலையில் நரி, கரடியிடம் அதன் நீண்ட நிழலையே விலைபேசி விற்றுவிட்டு, ஒரு பானைத் தேனோடு போய்விடுகிறது. நடுப்பகலில் நிழல் காலடிக்குள் சுருண்டதும், யாரோ திருடிவிட்டார்கள் என்று கரடி அழுகிறது. சாயங்காலம் நரி வந்து, "கண்டுபிடிச்சுக் கொண்டுவந்துட்டேன்" என்று இன்னொரு பானை கேட்கிறது.

கதையை எழுதி, பென்சிலால் கோடு போட்டான். ஒரு கோடு என்றால் மூச்சு விடும் நேரம்; இரண்டு கோடு என்றால் மனசுக்குள் மூன்று எண்ணவேண்டும். "நிழல் எங்க போச்சு?" என்ற இடத்தில் இரண்டு கோடு. அந்த இடைவெளி பிள்ளைகளுக்கு. அவர்கள் கத்தி முடிக்கும்வரை அவன் வாய் திறக்கக்கூடாது. பிள்ளைகள் கேட்கக்கூடிய கேள்விகளையும் பதில்களையும் பின்பக்கத்தில் எழுதினான். கரடிக்குத் தேன் எங்கே கிடைத்தது, நரி மாட்டிக்கொண்டதா என்று பதினொன்று தேறின.

கரடியின் குரல்தான் படியவில்லை. கனத்த குரலில் பேசி செல்போனில் பதிந்து கேட்டான். பாதி வார்த்தை தொண்டையிலேயே தங்கிவிட்டது. குரலை மாற்றிப் பயனில்லை, பேசும் விதத்தை மாற்றவேண்டும் என்று புரிந்த நேரத்தில் அக்கா போன் செய்தாள்.

"சாப்பிட்டியாடா, சாப்பிட்டியா? சனிக்கிழமை எனக்கு ஷிஃப்ட்டு, ஷிஃப்ட்டு. வரமுடியாதுடா, வரமுடியாது."

போனை வைத்ததும் பென்சிலை எடுத்தான். கரடியின் ஒவ்வொரு வசனத்திலும் கடைசி வார்த்தையை இரண்டு தடவை எழுதினான்.

ஒத்திகையில் நூலகர் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எங்கேர்ந்துப்பா பிடிச்சே இந்தக் கரடிய?"

"சும்மா தோணுச்சு, மேடம்."

சனிக்கிழமை நாற்பது பிள்ளைகள். கரடி வாய் திறந்தபோதெல்லாம் கூரை அதிர்ந்தது. "போச்சு, போச்சு! என் நிழல் போச்சு, போச்சு!" இரண்டாம் முறை அவன் சொல்ல வேண்டியிருக்கவில்லை, பிள்ளைகளே சொன்னார்கள். "நிழல் எங்க போச்சு?" என்று கேட்டு மூன்று எண்ணினான். "காலுக்குக் கீழ!" என்று கத்தினார்கள். போட்ட கோடெல்லாம் போட்ட இடத்தில் வேலை செய்தன.

கேள்வி நேரம். முன்வரிசையில் கண்ணாடி போட்ட சிறுமி எழுந்தாள்.

"கரடி ஏன் எல்லாத்தையும் ரெண்டு வாட்டி சொல்லுது?"

பின்பக்கத்துப் பதினொன்றில் அது இல்லை. கைதட்டல் ருசி கண்ட நாக்கு தானாகப் புரண்டது. "அதுக்கு மூளை கொஞ்சம் மெதுவா வேலை செய்யும்மா. அது சொன்னது அதுக்கே புரியணும்ல?"

மறுபடி ஒரே சிரிப்பு. சிரிப்புக்கு மேல் பார்வை போனபோது, கடைசி அலமாரி ஓரத்தில் அக்கா நின்றிருந்தாள். ஆஸ்பத்திரி சலவைப்பிரிவின் நீலச் சீருடையோடு, யாரிடமோ ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். அவள் முகத்திலும் சிரிப்பு இருந்தது. கீழே வைக்க இடம் தெரியாமல் கையில் பிடித்திருக்கும் பாத்திரம் மாதிரி இருந்தது அது.

இன்னும் இரண்டு பேர் கேள்வி கேட்டார்கள். என்ன பதில் சொன்னான் என்று அவனுக்கே தெரியாது. பிள்ளைகள் கலைந்ததும், அடுக்கிய பாய்களையே மறுபடி பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தான். அக்காவே பக்கத்தில் வந்தாள்.

"நல்லா சொன்னேடா. எல்லாரும் சிரிச்சாங்க."

"அக்கா, அது வந்து..."

"நான் அப்படியா பேசுறேன்? எனக்கே தெரியாது பாரு." ஈரத்தில் ஊறி வெளுத்த விரல்களைச் சீருடையில் துடைத்தாள். "பன்னெண்டு வருஷமா அந்த மெஷினுங்க நடுவுல நிக்குறேன்ல. ஒரு தடவை சொன்னா பக்கத்துல இருக்கிறவளுக்கே கேக்காது."

பன்னிரண்டு வருஷம். அவன் பள்ளி முடித்து, கல்லூரி முடித்து, கறுப்பு அங்கியில் எடுத்த படம் அவள் வீட்டுச் சுவரில் ஏறிய வருஷங்களெல்லாம் அதற்குள் அடக்கம். பதில் சொல்ல வாயைத் திறந்தான். கரடியின் குரல்தான் தொண்டைவரை வந்தது. மூடிக்கொண்டான்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்று கிளம்பினாள்.

மறுநாள் போன் வந்தது.

"சாப்பிட்டியாடா?" என்றாள் அக்கா.

மனசுக்குள் மூன்று எண்ணினான். அந்தப் பக்கம் இரண்டாம் முறை வரவில்லை. பிறகும் எண்ணிக்கொண்டிருந்தான்.