கணக்கக்காவின் ஒரு பக்கக் குறிப்பு

டைல்ஸும் குழாயும் விற்கும் அந்தக் கடையில், கணக்கக்காவுக்கு வேறொரு பெயர் இருப்பது சம்பளப் பட்டியலுக்கு மட்டும்தான் தெரியும். முதலாளி முதல் லாரிக்காரர் வரை எல்லோருக்கும் அவள் கணக்கக்கா. பத்தொன்பது வருடமாக இருபதாம் தேதிக்குள் போன மாதத்தின் வரிப் படிவத்தைத் தாக்கல் செய்துவிடுகிறாள். ஒரு தடவைகூடத் தவறியதில்லை. இதை யாரும் கேட்காமலேயே எல்லோரிடமும் சொல்லியும் விடுவாள்.

இப்போது அவள் கிளம்ப வேண்டும். கணவருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்து ஐந்து மாதமாகிறது. அங்கே தனியாகச் சமைக்கிறார், அதில் பாதியைக் கொட்டுகிறார். முதலாளி போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று.

"புது ஆள் ஒரு மாசக் கணக்கைத் தனியா முடிச்சுக் காட்டட்டும்க்கா. மறுநாளே கிளம்புங்க."

அதற்காக அவள் ஒரு குறிப்பு எழுதினாள். நாற்பத்தோரு பக்கம். எந்த வியாபாரி பில்லில் நம் பதிவு எண்ணைப் போட மறப்பான், முதலாளியின் மச்சான் எந்தெந்த மாதம் தன் வீட்டுக் குளியலறைக் குழாயைக் கடைக் கணக்கில் வாங்குவார், எல்லாம் அதில் இருந்தது. முதலில் வந்த பையன் பன்னிரண்டாம் பக்கத்தில் சாப்பிடப் போனவன் திரும்பவில்லை. அடுத்து வந்த பெண் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு, கும்பிட்டுவிட்டுப் போனாள். முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். "ஒரே பக்கம்க்கா. புண்ணியமாப் போகும்."

மூன்றாவதாக வந்தவர் மருந்துக்காரர். ஆஸ்பத்திரி மருந்து ஸ்டோரில் முப்பது வருடம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர், அவளைவிடப் பத்து வயது மூத்தவர். "எழுத்துல இல்லாம ஒரு மாத்திரை வெளிய விட்டதில்ல மேடம்" என்றுதான் அறிமுகமே செய்துகொண்டார். அவருக்காகக் கணக்கக்கா பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே பக்கத்தில் எட்டுப் படிகள் எழுதினாள்.

விற்பனைப் பில் எண்களில் இடைவெளி இருக்கிறதா பார்க்கவும். கொள்முதல் பில்களில் நம் பதிவு எண் இருந்தால் மட்டும் அதிலுள்ள வரியைக் கழிவுக்கு, அதாவது நாம் கட்டும் வரியில் கழித்துக்கொள்ள, எடுக்கவும். திரும்பி வந்த சரக்குக்கான சீட்டுகளைப் பதிந்து, விற்பனை வரியில் குறைக்கவும். சொந்த உபயோகத்துக்கு வாங்கியவற்றின் வரியைக் கழிவிலிருந்து நீக்கவும். பதிவேடுகளின் வரித் தொகையும் லெட்ஜரின் வரித் தொகையும் காசு சுத்தமாக ஒத்துப்போக வேண்டும். பிறகு விற்பனை வரியையும் கொள்முதல் வரியையும் 'கட்ட வேண்டிய வரி' கணக்குக்கு மாற்றவும். மீதி நிற்பதுதான் நாம் கட்டுவது. மாதத்தைப் பூட்டவும். படிவத்தை லெட்ஜரோடு ஒப்பிட்டுத் தாக்கல் செய்யவும்.

மாதத்தைப் பூட்டுவது என்றால், அந்த மாதத் தேதியில் யாரும் எதையும் சேர்க்கவோ மாற்றவோ முடியாதபடி கணினியில் அடைத்துவிடுவது. அந்த வரிக்குக் கீழே மட்டும் சிவப்பு மையில் எழுதினாள்: 'பூட்டியபின் யார் சொன்னாலும் திறக்கக் கூடாது. முதலாளி சொன்னாலும். நான் சொன்னாலும்.' பழைய தேதியில் பில் நுழைக்கப் பார்க்கும் மச்சானை மனதில் வைத்து எழுதியது அது.

போன மாதம் இருபத்தைந்தாம் தேதியிலிருந்து அவள் எதையும் தொடக் கூடாது என்று முதலாளி உத்தரவு. முன் கவுண்டரில் உட்கார்ந்து, வாங்குகிறவர்களுக்கு டைல்ஸ் நிறம் பொருந்துமா என்று அபிப்பிராயம் சொன்னாள். காது மட்டும் உள்ளறையிலேயே இருந்தது.

பதினெட்டாம் தேதி காலையில் மருந்துக்காரர் காகிதத்தோடு வந்தார். "முடிஞ்சுது மேடம். பூட்டியாச்சு. நாளைக்குத் தாக்கல்."

எல்லாம் ஒத்துப்போயிருந்தது. மச்சானின் குழாயைக்கூடப் பிடித்து நீக்கியிருந்தார். கணக்கக்காவுக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும், இல்லை. பத்தொன்பது வருடம் ஒரு பக்கத்தில் அடங்கிவிட்டதே என்று எரிச்சலாக இருந்தது. கண்ணை இன்னொரு தடவை ஓட்டினாள். 'திரும்பி வந்த சரக்கு: இல்லை.'

அவள் முகம் மலர்ந்துவிட்டது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் மலர்ந்தது உண்மை.

"சார், நாம விக்கிறது டைல்ஸ். ஒரு மாசம் முழுக்க ஒண்ணுகூட உடைஞ்சு திரும்பி வராம இருக்குமா? சீட்டெல்லாம் எங்க?"

"எதுவும் மேசைக்கு வரல மேடம்."

"அப்ப வரியை அதிகமாக் கட்டப் போறோம். பூட்டைத் திறங்க."

மருந்துக்காரர் குறிப்பை எடுத்து, சிவப்பு மையின் மேல் விரலை வைத்தார். "'நான் சொன்னாலும்'னு எழுதியிருக்கீங்க."

"நான்தானே சார் எழுதினேன்!"

"அதான் மேடம். உங்க பேச்சைத்தான் கேக்குறேன்."

முதலாளி வந்து சொல்லிப் பார்த்தார். அவர் பேரும் சிவப்பு மையில் இருந்ததால் பயனில்லை. கடைசியில் கணக்கக்கா பேனாவை எடுத்து, 'தாக்கல் செய்யும் முன் விடுபட்டது தெரிந்தால், காரணம் எழுதி, முதலாளி கையெழுத்துப் பெற்றுத் திறக்கலாம்' என்று சேர்த்தாள். "இதைத்தான் முதல்லயே எழுதியிருக்கணும்" என்றார் மருந்துக்காரர், பணிவாகத்தான். அவளுக்குச் சுருக்கென்றது.

இருவரும் பின்பக்கக் குடோனுக்குப் போனார்கள். குடோன்காரர் அடுப்பில் டீ கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். சீட்டுகள் ஏழும் அவர் சட்டைப் பையில் இருந்தன.

"ஏன்ப்பா மேசைக்கு அனுப்பல?" என்றாள் கணக்கக்கா.

"என்னைக்கு அனுப்பியிருக்கேன்? மாசக் கடைசியில நீங்க டீக்கு வருவீங்க, குடிச்சுட்டுப் போகும்போது கையில குடுப்பேன். போன மாசக் கடைசியில நீங்க வரலையே."

நாற்பத்தோரு பக்கத்திலும் இல்லாத படி இது. பத்தொன்பது வருடமும் ஒரு மாதம் விடாமல் அந்தப் புகை நாறும் டீயை, மனுஷன் மனம் நோகக் கூடாதென்று குடித்திருக்கிறாள். அது வேலை என்று அவளுக்கே தெரியாது.

"சீட்டுக்காகவா இத்தனை வருஷமும் வந்தீங்க?" குடோன்காரரின் குரல் இறங்கியது. "என் டீ பிடிச்சு வர்றீங்கன்னு நினைச்சேன்க்கா."

"டீக்குத்தான்ப்பா வந்தேன்." பொய்தான். ஆனால் முழுப் பொய் இல்லை என்று சொன்ன பிறகு தெரிந்தது.

மருந்துக்காரர் இதற்குள் குறிப்பைக் கையில் விரித்துவிட்டார். "மேடம், இது மூணாவது படிக்கு முன்னாலதானே வரும்? என்னன்னு எழுத?"

வெறுமனே 'சீட்டுகளை வாங்கவும்' என்று எழுதினால் போதும். ஆனால் அப்படி எழுதினால் குடோன்காரர் ஒரு மாதம் கொடுப்பார், ஒரு மாதம் மறப்பார். மருந்துக்காரர் ஒவ்வொரு மாதமும் அவளுக்குப் போன் செய்வார். அவளும் அந்த ஊரிலிருந்து வழி சொல்லிக்கொண்டிருப்பாள். அந்த யோசனை அவளுக்குப் பிடித்தும் இருந்தது. கணவரின் அடிப்பிடித்த பாத்திரம் ஞாபகம் வந்தது.

"மாசக் கடைசி நாள் மூணு மணிக்குக் குடோனுக்குப் போகவும்னு எழுதுங்க சார். உக்காரவும். டீ குடிக்கவும். வேலையைப் பத்தி முதல்ல பேசக் கூடாது."

அவர் ஒரு சொல் விடாமல் எழுதினார். எழுதி முடித்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குடோன்காரர் டம்ளரை நீட்டினார். மருந்துக்காரர் ஒரு மிடறு குடித்தார். கணக்கக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். துப்பிவிடுவார் என்று ஒரு நப்பாசை.

"அருமையா இருக்குங்க. இன்னொரு அரை டம்ளர் கிடைக்குமா?"

குடோன்காரரின் முகம் அப்படி ஒளிர்ந்து அவள் பார்த்ததே இல்லை. பைக்குள் கையை விட்டார், ஏழு சீட்டையும் நேராக மருந்துக்காரர் கையில் கொடுத்தார், கணக்கக்கா பக்கம் திரும்பவே இல்லை. அவள் சுவரோரமாக நின்றபடி, நாளை மறுநாள் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துவிடும்படி கணவருக்குச் செய்தி அனுப்பினாள்.