இரண்டு பக்கமும் பிளக் வைத்த ஒயர்

அந்த ஒயரைச் செய்தது நான்தான். என் தங்கை கல்யாணமாகி அந்தத் தெருவுக்குப் போவதற்கு முன்னால், இப்போது அவளுக்கு எதிர்வீடாக இருக்கிற அண்ணாச்சி கேட்டார். சங்கரன்கோவிலில் தறிகாரர் தெருக்களில் இது வழக்கம். ஒரு வீட்டில் பீஸ் போனால் எதிர்வீட்டிலிருந்து ஒயரை இழுத்துக்கொள்வார்கள். இரண்டு முனையிலும் பிளக் வைத்து, கரண்டு இருக்கிற வீட்டில் ஒன்றையும் இல்லாத வீட்டில் மற்றதையும் செருகினால் வீடு முழுக்க விளக்கு எரியும். ஆபத்தானது என்று வயர்மேனான எனக்குத் தெரியாதா? தெரிந்தேதான் செய்து கொடுத்தேன். கேட்டவர் வேண்டியவர்.

குளம் உடைந்த அன்று தங்கை வீட்டுக் கீழ்த்தளத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. மறுநாள் வடிந்தது. தறிகளின் அடியெல்லாம் சகதி. தறியில் ஏற்ற வைத்திருந்த பாவு நூலை மட்டும் எப்படியோ மாடியில் ஏற்றியிருந்தார்கள். ஆனாலும் அது நனைந்துதான் இருந்தது, ஃபேன் காற்றில் உலர்த்தாவிட்டால் இரண்டு நாளில் கறை பிடித்துவிடும். தங்கைக்கு அந்தக் கவலைதான் பெரிது.

நான் போனதும் முதலில் மெயினை அணைத்தேன். இன்வெர்ட்டர் பேட்டரியின் ஒயரைக் கழற்றினேன். மெயினை அணைத்தாலும் அது வீட்டுக்குள் கரண்டு விட்டுக்கொண்டே இருக்கும், பலர் அதை மறந்துவிடுவார்கள். டெஸ்டர் வைத்துப் பார்த்தேன், எங்கும் எரியவில்லை.

தங்கை மாப்பிள்ளை ஒரு சுவிட்சைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், இதெல்லாம் வெயில்ல காய வச்சிருவோம். காஞ்சா சரியாப் போவும்லா?"

"வேண்டாம் மாப்ள. தண்ணி குடிச்ச சுவிட்ச நம்பப்படாது. உள்ள சகதி ஒட்டியிருக்கும். முங்குன சுவிட்சு, பிளக்கு, பிரேக்கரு எல்லாம் புதுசுதான். ஒயரு மட்டும் காஞ்சா தேறும், கரண்டு கசியுதான்னு மெக்கர் வச்சுப் பாத்துருவோம். தறி மோட்டாரப் பிரிச்சு நல்ல தண்ணியில கழுவி, ஒரு வாரம் காயட்டும்."

"அப்ப இன்னைக்கு?"

"இன்னைக்கு மாடிக்கு மட்டும் தனியாக் குடுத்துருதேன். நான் பஜாருக்குப் போயி சாமான் வாங்கிட்டு வாரேன். நீங்க கீழ உள்ள பிளக்கெல்லாம் கழத்தி வைங்க."

பிளக்கைக் கழற்றும்படி என் வாயால் நானே சொன்னேன். மாடிக்குப் போகிற பீஸ் கட்டையைக் கழற்றாமலே கிளம்பினேன். கழற்றியிருந்தால் மாடியும் கீழும் பிரிந்திருக்கும். மெயின்தான் அணைந்துவிட்டதே என்ற தைரியம். முப்பது வருஷத் தொழில் தந்த தைரியம் அது, நாசமாய்ப் போகட்டும்.

கடையில் கூட்டம். ஊரே சுவிட்சு வாங்க நின்றது. நான் திரும்புவதற்குள் தங்கை மாடியில் நூலைத் தொட்டுப் பார்த்திருக்கிறாள். ஈரம் அப்படியே இருந்திருக்கிறது. மேட்டில் இருக்கிற எதிர்வீட்டில் கரண்டு உண்டு. பால்கனியில் நின்று அந்த ஒயரைக் கேட்டிருக்கிறாள், அவர்களும் வீசியிருக்கிறார்கள். மாடி பிளக்கில் செருகியதும் ஃபேன் ஓடியிருக்கிறது. அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

கரண்டு மாடியோடு நிற்கவில்லை. அதே ஒயரிங்கின் வழியாகக் கீழே இறங்கி, ஈரத் தரையில் வெறுங்காலோடு பிளக்கைக் கழற்றிக்கொண்டிருந்தவரின் கைக்கு வந்தது. நான் வரும்போது மாப்பிள்ளை சுவரோரம் கிடந்தார். மேலே ஃபேன் சத்தம் கேட்டது. மாடிக்கு ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கிவிட்டுத்தான் அவரைத் தொட்டேன். அதையெல்லாம் சரியாகச் செய்தேன். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்பே உயிர் போய்விட்டது.

காரியம் முடிந்தபின் அந்த வீட்டு வேலையை முறையாக முடித்தேன். முங்கியதையெல்லாம் தூக்கிப் போட்டேன். ஒயர்களின் இணைப்புகளைப் புதிதாகக் கட்டினேன், எர்த்தைச் சோதித்தேன், மெக்கர் வைத்துப் பார்த்து, நல்ல அளவு காட்டிய பிறகுதான் மெயினைப் போட்டேன். மாடி தனி, கீழ் தனி. இத்தனை ஒழுங்கு எனக்கு அன்றைக்கு வந்திருக்க வேண்டும்.

எல்லா விளக்கும் எரிந்தது. தங்கை சுவிட்சுப் பக்கமே வரவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டாள்.

"அண்ணே, நான்தான அவியளக் கொன்னுட்டேன்?"

"அப்பிடிச் சொல்லாத தாயி."

"அப்பிடி ஒரு ஒயர எவன் செஞ்சான்? வெளங்குவானா அவன்?"

எதிர்வீட்டு அண்ணாச்சி வாசலில் நின்றிருந்தார். அவருக்குத் தெரியும். என்னைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

"யாருன்னு தெரியலம்மா," என்றேன்.