பீடியை எடுத்துவிட்டுப் பூ வைத்த கவிதை

என் பெயர் அச்சில் வந்த முதல் பக்கத்தை இப்போதும் என்னால் முழுதாக வாசிக்க முடியாது, பாதியிலேயே மூடிவிடுவேன். மும்பையில், செம்பூர் ஹாஸ்டலில் தங்கி முதல் வருஷம் படிக்கும்போது எழுதிய கவிதை அது.

ஊர் தென்காசிப் பக்கம். அம்மா பீடி சுற்றுபவள். காலையில் நான் வகுப்புக்குக் கிளம்பும் முன் போன் பண்ணுவேன். அவள் இலை நறுக்கும் நேரம் அது. ராத்திரி நனைத்து வைத்த இலையில் அளவுத் தகட்டை வைத்து, போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு வெட்டிக்கொண்டே பேசுவாள். அவள் பேச்சுக்கு அடியில் எனக்குக் கத்தரிச் சத்தமும் கேட்டுக்கொண்டே இருக்கும்.

காலேஜ் பத்திரிகையில் தமிழுக்கு ஒரே ஒரு பக்கம். கவிதை பதினாறு வரிக்குள் இருக்க வேண்டும் என்று வாட்ஸாப்பில் அறிவிப்பு வந்தது. முதலில் நான் எழுதியது வெறும் ஒப்பாரி. தனிமை, கண்ணீர், தொலைதூரம் என்று ஒரே பிழிச்சல். எனக்கே சகிக்கவில்லை. அதையெல்லாம் அடித்துவிட்டு, போனில் என்ன கேட்கிறதோ அதை மட்டும் வைத்தேன். முடிவு இப்படி வந்தது:

சாப்பிட்டாயா என்கிறாய்.
அதற்குள் நாலு பீடி இலை நறுக்கிவிடுகிறாய்.
கத்தரி நிற்கும் இடத்தில்
நீ அழுகிறாய் என்று எனக்குத் தெரியும்.

எழுதி முடித்ததும் பாத்ரூமில் போய் அழுதேன். நல்ல கவிதை. இன்றைக்கும் அடித்துச் சொல்வேன்.

தமிழ்ப் பக்கத்தைப் பார்த்துக்கொண்ட மூன்றாம் வருஷ அக்கா மும்பை மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள்.

"நீயே படிச்சுக் காமி. நான் வாசிச்சா சாயங்காலம் ஆயிடும்" என்றாள். படித்தேன். முகத்தைச் சுளித்தாள்.

"அரே, பீடியா? மேகஸின் மேடம் பாஸ் பண்ண மாட்டா. பூ கட்டறதுன்னு போடேன். சேம் ஃபீல்தான். கியூட்டா வேற இருக்கும்."

கியூட்டாம்! கருமம். பூக் கட்டினால் போனில் சத்தம் கேட்குமா? சத்தமே இல்லாத வேலையில், அது நின்றதை எந்தக் காது கேட்கும்? அந்த நாலு வரி உயிரோடு இருந்ததே கத்தரியால்தான். இது எனக்கு அந்த நிமிஷமே தெரியும்.

ஆனாலும் தலையாட்டினேன். மேடம் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்க முடியாது. அம்மா என்ன செய்கிறாள் என்று அறைத் தோழி கேட்டபோது "வீட்ல சும்மாதான் இருக்காங்க" என்று சொல்லி வைத்திருந்தவள் நான். பூ என்றதும் உள்ளுக்குள் அப்பாடா என்றுதான் இருந்தது. நானே என் கையால் பீடி இலையை எடுத்து மல்லிகை என்று போட்டேன். கத்தரி நிற்கும் இடம், கை நிற்கும் இடம் ஆனது.

பக்கம் வடிவமைத்த பையனுக்குத் தமிழ் தெரியாது. அவன் ஒட்டியதில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறி நின்றன. மூன்று தடவை புரூஃப் வந்தது, மூன்று தடவையும் கொம்பு கொம்பாகத் திருத்திக் கொடுத்தேன். பழைய வரியைத் திரும்பப் போட மூன்று தடவையும் வழி இருந்தது. போடவில்லை. "ஓகே" என்று பதில் அனுப்பினேன்.

அச்சாகி வந்ததும் பெருமை தாங்காமல் பக்கத்தைப் போட்டோ எடுத்து அம்மாவுக்கே அனுப்பினேன் பாருங்கள், என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். அவள் நன்றாகத் தமிழ் வாசிப்பாள். தெருவில் அவளோடு உட்கார்ந்து பீடி சுற்றும் அத்தனை பேருக்கும் உரக்க வாசித்துக் காட்டியிருக்கிறாள். மல்லிகை வரும் வரைக்கும்.

மறுநாள் காலையில் அவளே கூப்பிட்டாள்.

"ஏட்டி, நான் எப்ப பூக் கட்டுனேன்?"

"அது... கவிதைல அப்படித்தாம்மா எழுதுவாங்க."

"எல்லாவளும் சிரிச்சாளுவ. எந்தக் கோயில்ல பூக்கடை போட்டிருக்கன்னு கேட்டாளுவ. நானும் சிரிச்சு வச்சேன்." பிறகு கேட்டாள்: "அங்க யாருட்டயும் சொல்லலையோ, நான் பீடி சுத்துதேன்னு?"

"கிளாஸுக்கு நேரமாச்சும்மா" என்றேன்.

"சரி, போட்டும். லீவுக்கு ஒன்ன கூப்புட வாரேன்னு சொன்னம்லா, நான் வரலட்டி. எம்புட்டு சோப்புப் போட்டாலும் கையில பொவயில வாடை போவாது. ஒன் கூட்டாளிமாரு கிட்ட வந்து நின்னா தெரிஞ்சுரும். நீ எழுதுனது பொய்யாயிரும்லா."

கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. எனக்கு உதவி செய்கிற மாதிரி சொன்னாள்.

அப்படியெல்லாம் இல்லம்மா, நீ வா என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவள் வரவில்லை என்றதும் எனக்கு ஒரு நொடி நிம்மதியாக இருந்தது. "சரிம்மா" என்றேன்.