கார்டு கையில், கண் குண்டடத்தில்

சித்ரகலாவின் கண்ணுக்குத் தப்பிய ஓட்டை திருப்பூரிலேயே கிடையாது. கப்பலேறிப் போன பனியனில் நடுக்கடலில் ஒரு தையல் விட்டாலும், இங்கே ராயபுரத்தில் அவளுக்குத் தும்மல் வரும் என்பார்கள். ஏற்றுமதிக் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். கணவன் இறந்த பிறகும் அதே அடுக்குமாடி வீட்டில் தனியாகத்தான் இருந்தாள்.

கீழ்வீட்டுப் பூட்டை எவனோ உடைத்த வாரம், கணவனின் தம்பி அருள்செல்வன் சொந்த ஊரான குண்டடத்திலிருந்து ஒரு கேமராவோடு வந்து இறங்கினான். ஹால் சுவரில் மாட்டினான்.

"பதிவெல்லாம் எங்க தம்பி இருக்கும்?"

"ரெண்டு வழி இருக்குதுங்க நங்கை," என்றான்; அண்ணியை அப்படித்தான் கூப்பிடுவான். " இந்த மெமரி கார்டுல இருக்கும். ஆனா திருடன் கேமராவையே புடுங்கிட்டுப் போனா பதிவும் போச்சு. இல்லாட்டி மாசச் சந்தா கட்டி கிளவுட்ல போடலாம். கம்பெனிக்காரன் சர்வர்ல பத்திரமா கெடக்கும்."

"திருடன் கொண்டுபோனாப் போகட்டும். என்ற ஊட்டுப் படம் எவன்ற சர்வர்லயோ எதுக்குக் கெடக்கோணும்? கார்டே போதும்."

"சரிங்க, கார்டே போட்டர்றேன்."

ஆப்பில் கணக்கைத் தன் பெயரில் திறந்துவிட்டு, அவள் போனுக்கு ஓர் அழைப்பு அனுப்பினான். கல்யாணப் பத்திரிகை வாங்குகிறவளைப் போலச் சிரித்த முகமாக அதை ஏற்றுக்கொண்டாள். சொந்த வீட்டுக்கே விருந்தாளியாகிவிட்டோம் என்பது அவளுக்கு உறைக்கவில்லை.

கம்பெனியில் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டும் கைக்கு வரவேண்டும். வந்தால்தான் புது ஊசி. அந்தப் பழக்கத்தில் ஊறியவள், கேமராவையும் அப்படியே எடுத்துக்கொண்டாள். காங்கேயத்து எண்ணெய் ஆலை மேனேஜர் இளங்கோ வரும்போதெல்லாம் கார்டை உருவி அரிசி டப்பாவுக்குள் போட்டுவிடுவாள். துண்டு கையில் இருக்கிறது, இனி என்ன பயம்?

இளங்கோவும் மனைவியை இழந்தவர். இருவரும் கல்யாணம் செய்துகொள்வதென்று முடிவாகிவிட்டது. சித்ரகலாவுக்கு ஒரே ஒரு பிடிவாதம்: மாமியார் பெரியாத்தாள் அதைத் தன் வாயிலிருந்துதான் முதலில் கேட்கவேண்டும். மகன் போனபின் அவளை மகளாக வைத்துக்கொண்ட மனுஷி. ஆகவே ஞாயிறுதோறும் கார்டை எடுத்துவிட்டு, காலி நாற்காலியை மாமியாராகப் பாவித்துப் பேசிப் பழகினாள். அந்த நாற்காலிக்குக் காது இருந்திருந்தால் அழுதிருக்கும்.

ஒருவழியாகத் துணிந்து குண்டடத்துக்குப் பஸ் ஏறினாள். பெரியாத்தாள் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். அருள்செல்வன் கட்டிலில் போனைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

"வா கண்ணு," என்ற பெரியாத்தாள், கடலையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்: "அந்தக் காங்கேயத்துக்காரருக்குச் சக்கரை இல்லாத காப்பியே போடறியே, நோவு ரொம்ப நாளா இருக்குதா?"

சித்ரகலா பையைக் கீழே வைத்தாள். "யாருங்க அத்தை சொன்னாங்க?"

"இவன்தான் போன்ல காமிச்சான்."

"கார்டைத்தான் எடுத்துட்டேனே."

அருள்செல்வன் எழுந்து உட்கார்ந்தான். "கார்டை எடுத்தா கார்டுல மட்டுந்தானுங்க பதியாது. கேமரா ஓடிட்டேதான் இருக்கும், பேச்சும் கேக்கும். கிளவுடுக்கும் நான் சந்தா கட்டியிருக்கேன். ஓனர் கணக்கு எம்பேர்ல இருக்குது, அதனால உங்க போன்ல அது காட்டாதுங்க. எல்லாம் ஒரு பாதுகாப்புக்குத்தான்."

"யாரோட பாதுகாப்புக்கு?"

சித்ரகலா அவன் பக்கத்திலேயே நின்று, கிளவுடில் இருந்த பதிவுகளை ஒவ்வொன்றாக அழிக்கவைத்தாள். பிறகு கேமராவை அவன் கணக்கிலிருந்தே நீக்கவைத்தாள்.

"வேற யாருக்காச்சும் அனுப்பினியா?"

"பங்காளிக குரூப்புல ரெண்டு போட்டேனுங்க. அவுங்க இறக்கி வெச்சிருந்தா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

தான் வரும்போது தெருமுனையில் கணவனின் பெரியப்பாமார் இருவர் ஏன் பேச்சை நிறுத்தினார்கள் என்பது அப்போதுதான் விளங்கியது. போகட்டும். ஊருக்குத் தெரிந்தால் என்ன, சொல்லவேண்டியது இந்த ஒரு மனுஷியிடம்தானே? பெரியாத்தாள் எதிரில் போய் உட்கார்ந்தாள்.

"அத்தை, உங்க மகனை மறந்துட்டு நான் போகலீங்க..."

"அவுரு இருந்த ஊட்டைப் பூட்டி, சாவியை உங்க கையில குடுத்துட்டுத்தான் போறேன்," என்று பெரியாத்தாள் முடித்தாள். "அதானே கண்ணு? போன ஞாயித்துக்கெழமை நல்லாச் சொன்னே. இன்னிக்குக் கொரல் நடுங்குது."

"எல்லாத்தையும் கேட்டுட்டா பேசாம இருந்தீங்க?"

"மத்தியானத்துல தூக்கம் வர்றதில்ல சாமி. இவன் போன்ல உன்னையப் பாத்தா மனசுக்கு ஆறுதலா இருந்துச்சு. நீயா வந்து சொல்லுவீன்னு இருந்தேன்."

கோபத்தோடு சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். பிரியத்தோடு சொன்னாள். சித்ரகலாவிடம் அந்த ஒரு பேச்சைத் தவிர வேறு பேச்சு இல்லை, அதையும் எடுத்துக்கொண்டார்கள்.

பையிலிருந்து சாவியை எடுத்து, கடலைத் தொலிக்குப் பக்கத்தில் வைத்தாள். வழக்கமாக மாமியார் காலைத் தொட்டுக் கும்பிட்டுத்தான் கிளம்புவாள். அன்றைக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு நேரே பஸ்ஸுக்கு நடந்தாள்.