சுருங்காத ஸ்வெட்டர்

முதியோர் இல்லத்தின் சலவையறையில் வேலை பார்த்தவளுக்கு மூக்கக்கா என்று பேர் வைத்தது யாரென்று யாருக்கும் ஞாபகமில்லை. பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது. ஒரு துவாலையை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாளென்றால் அது எந்த அலமாரியில் இருந்தது, யார் அதில் தைலத்தைத் துடைத்தார்கள், போன தடவை அலசியபோது சோப்பு சரியாகப் போகவில்லை என்பது வரை பிட்டுப் பிட்டு வைப்பாள். சமையலறையில் பால் திரியப்போகிறது என்று சமையல்காரருக்கு முன்னால் சொன்னவள் அவள். அதற்காக அவர் அவளோடு ஒரு வாரம் பேசவில்லை.

புருஷன் போனபிறகு ஒரு தங்கும் விடுதியில் படுக்கை விரிப்பு துவைத்துக் கொண்டிருந்தவள், பிறகு இங்கே வந்து சேர்ந்தாள். வந்த புதிதில் மேல்மாடித் துணி மூட்டையைப் பிரித்ததும் வெளியே ஓடிப்போய் வாந்தியெடுத்திருக்கிறாள். மேல்மாடி என்றால் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களின் வார்டு. மூத்திரமும் மலமுமாக விரிப்புகள் அங்கிருந்து காலையும் மாலையும் கீழே வரும். வாந்தியெடுத்தவள் போகப்போகப் பழகிவிட்டாள். இப்போது அந்த மூட்டைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிடுவாள். தன் மூக்கின் மீது அவளுக்கு அசாத்தியப் பெருமை. பெருமை இருக்கிற இடத்தில்தான் ஆள் மண்ணைக் கவ்வுவது.

குளிர் தொடங்கியதும் பரண் மேலிருந்து பெட்டிகள் இறங்கின. எல்லோரும் கம்பளித் துணிகளை உதறிப் போட்டுக்கொண்டார்கள். ஒரு நாள் அப்படியே போனது. மறுநாள் சாப்பாட்டுக் கூடத்தில் முகங்கள் சுளிக்கத் தொடங்கின. டிரைவர் ஐயாவுக்குப் பக்கத்து நாற்காலி முதலில் காலியானது, அப்புறம் எதிர் நாற்காலி. தினமும் அவரோடு சீட்டாடும் கணக்கு வாத்தியார்கூட, ஜன்னலோரம் காற்று நன்றாக வருகிறதென்று சாக்குச் சொல்லிக் கழன்றுகொண்டார். குளிரில் எவன் காற்று வாங்குவான்? டிரைவர் ஐயா சீட்டுக்கட்டை எடுத்துத் தனியாகக் கலைத்துக் கலைத்து அடுக்கிக் கொண்டிருந்தார்.

அவர் காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். பெண் ஒருத்தி எங்கோ தூரத்தில் இருக்கிறாள். அவள் வாங்கிக் கொடுத்த கருநீலக் கம்பளி ஸ்வெட்டர்தான் அவர் குளிருக்குப் போடுவது. மூக்கக்காவுக்கு அவர்மேல் தனி மரியாதை. இல்லத்திலேயே அவர் ஒருத்தர்தான் தன் வேட்டி, உள்ளாடைகளைத் தானே குளியலறையில் துவைத்துக் கட்டிலடியில் காயப்போடுவார். 'அடுத்தவளுக்கு வேலை வைக்காத மனுஷன்' என்று அவள் எல்லோரிடமும் சொல்வாள்.

இல்லத்தை நடத்தும் மேட்ரன் கெட்டவளில்லை, களைத்துப் போனவள். இருக்கிற ஆட்களையும் இருக்கிற கட்டில்களையும் வைத்துக்கொண்டு எத்தனை பேருடைய புகாரைத்தான் கேட்பது? தன்னைச் சுத்தமாக வைத்துக்கொள்ள முடியாத ஆள் என்று நினைத்து, வியாழக்கிழமை டாக்டர் வரும்போது டிரைவர் ஐயாவை மேல்மாடிக்கு மாற்றிவிடலாம் என்று முடிவெடுத்தாள். மேல்மாடிக் கதவு வெளிப்பக்கம் பூட்டியிருக்கும். அங்கே சீட்டுக்கட்டு கிடையாது, பேச்சுத் துணை கிடையாது. மேலே போனவர் யாரும் இதுவரை நடந்து இறங்கியதில்லை.

இதைக் காதில் வாங்கிய மூக்கக்கா ஈரக்கையோடு கூடத்துக்கே வந்துவிட்டாள்.

"மேடம், அது ஆளு நாத்தம் இல்ல, ஸ்வெட்டர் நாத்தம்! போன வருஷம் முழுசாக் காயாம பிளாஸ்டிக் பையில போட்டு மூடியிருக்காங்க. மாசக்கணக்குல மக்கிப் போயிருக்கு. கதவைத் திறந்தாலே எனக்குத் தெரியுது."

"அப்படின்னா ரெண்டு நாளாப் பக்கத்துல உக்கார முடியலைன்னு சொல்றவங்க எல்லாம் பொய் சொல்றாங்களா?"

"அவங்க மூக்குக்கு எது என்னன்னு பிரிச்சுச் சொல்லத் தெரியாது மேடம். எனக்குத் தெரியும். துவைச்சுக் காட்டுறேன். வாடையும் இருக்காது, ஒரு நூல் சுருங்கவும் சுருங்காது. அப்புறமும் நாத்தம் இருந்தா நீங்க சொல்றதுதான் சட்டம்."

எல்லோர் முன்னாலும் இப்படி வாயைக் கொடுத்தாள். மேட்ரனும் தலையாட்டினாள்.

"சரி. வியாழக்கிழமை பாத்துடுவோம்."

கடினமான வேலை என்று அவள் நினைத்தது துவைப்பதை. ஆனால் ஸ்வெட்டரை வாங்குவதே பெரும்பாடாகிவிட்டது. டிரைவர் ஐயா இரண்டு கையாலும் நெஞ்சைக் கட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"வேணாம்மா. இது இப்படியே இருக்கட்டும்."

"எதுக்கு இருக்கணும்? உங்களை மேல தூக்கிட்டுப் போறதுக்கா?"

"சுருங்கிடும்."

"நீங்க பஸ் ஓட்டும்போது நான் வந்து பிரேக்கைப் போடுன்னு சொன்னேனா? என் வேலையை என்கிட்ட விடுங்க."

"குளிருதும்மா..."

"போர்வை தர்றேன். சின்னப் புள்ளை மாதிரி அடம் பிடிக்காதீங்க. கையைத் தூக்குங்க."

கழற்றிவிட்டாள். அவர் போர்வையை இறுக்கிச் சுற்றிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். வயசானவர்களின் வீம்பு என்று அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வெளியே கொண்டுபோய் நன்றாக உதறி, பூச்சி அரித்திருக்கிறதா என்று வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தாள். இல்லை. உள்பக்கம் வெளியே தெரியும்படி புரட்டி, வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் பொழுது சாயும்வரை போட்டுவைத்தாள். அதிலேயே வாடை பாதி குறைந்தது. மறுநாள், பழைய செய்தித்தாளின் மேல் ஸ்வெட்டரைப் பரப்பி, கை, கழுத்து, இடுப்பு எல்லாவற்றையும் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டாள். காயவைக்கும்போது அந்தக் கோட்டுக்குள் அது உட்கார வேண்டும்.

மணிக்கட்டை விட்டுப் பார்த்துத் தண்ணீர் எடுத்தாள், சூடும் தெரியக்கூடாது, சில்லென்றும் இருக்கக்கூடாது. முதல் தொட்டியில் ஒரு சின்னக் கிண்ணம் வெள்ளை வினிகரை ஊற்றி ஊறப்போட்டாள். மக்கல் வாடையை எடுக்க அது போதும். அடுத்த தொட்டியில் குழந்தைகளுக்குப் போடும் ஷாம்பூ கொஞ்சம். இல்லத்தின் சலவைத்தூளை அதன் பக்கமே வரவிடவில்லை. தேய்க்கவில்லை, முறுக்கவில்லை. உள்ளங்கையால் அமுக்கி அமுக்கி விட்டாள், அவ்வளவுதான். கம்பளியைச் சூட்டில் போட்டுக் கசக்கினால் இழையோடு இழை பின்னிக்கொண்டு கெட்டித் தட்டிவிடும், பிறகு கடவுளே வந்தாலும் பிரிக்க முடியாது. அலசுகிற தண்ணீரும் அதே பதத்தில்தான் எடுத்தாள். தூக்கும்போது தோளைப் பிடித்துத் தூக்கவில்லை. தண்ணீர்ப் பாரத்தில் நீண்டு தொங்கிவிடும் என்று இரண்டு கையாலும் அடியில் தாங்கி எடுத்தாள்.

உலர்ந்த துவாலையில் வைத்துப் பாய்போலச் சுருட்டி அமுக்கினாள். துவாலை ஈரத்தை உறிஞ்சியதும் இன்னொரு துவாலை. பிறகு இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே வலைத்துணியை இழுத்துக் கட்டி, செய்தித்தாள் கோட்டின் அளவுக்கு இழுத்துவிட்டுப் பரப்பி, மின்விசிறியைப் போட்டாள். கொடியில் போடவில்லை, ஹீட்டர் அருகிலும் கொண்டுபோகவில்லை. அவசரப்பட்டால் காரியம் கெட்டுவிடும். அவ்வப்போது புரட்டிப் போட்டாள். அக்குளிலும் இடுப்புப் பட்டையிலும்தான் ஈரம் ஒளிந்துகொள்ளும். அங்கே விரலை வைத்து வைத்துப் பார்த்தாள்.

இதற்கிடையில் டிரைவர் ஐயா அறையை விட்டு வெளியே வரவில்லை. சாப்பாட்டுத் தட்டு அறைக்கே போய்க் காலியாக வந்தது. அவள் எட்டிப் பார்க்கும்போதெல்லாம், "காய்ஞ்சிடுச்சா?" என்று கேட்டார். ஆசையாகக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டாள், பாவி.

வியாழக்கிழமை ஸ்வெட்டர் கோட்டுக்குள் அச்சடித்தாற்போலப் படுத்திருந்தது. மூக்கக்கா மோந்து பார்த்தாள். சுத்தமான கம்பளியின் மணம், வேறொன்றுமில்லை. கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போய் நாற்காலி நாற்காலியாகக் காட்டினாள். கணக்கு வாத்தியார் முகத்தையே புதைத்துப் பார்த்துவிட்டு, "புதுசு மாதிரி இருக்கே!" என்றார். மேட்ரனும் மோந்து பார்த்தாள்.

"ஒத்துக்கிறேம்மா. அவரைக் கூட்டிட்டு வா."

டிரைவர் ஐயா வரமாட்டேன் என்றார். அவள் கையைப் பிடித்து அழைத்துவந்தாள். கூடத்தின் நடுவில் நிற்கவைத்து, போர்வையை எடுத்துவிட்டு, ஸ்வெட்டரைத் தானே மாட்டிவிட்டாள். கையின் நீளமும் இடுப்பும் துளி பிசகவில்லை. கல்யாண மாப்பிள்ளையை ஜோடித்தவள் மாதிரி ஒதுங்கி நின்று எல்லோரையும் பார்த்தாள்.

யாரும் அவளைப் பார்க்கவில்லை. வாத்தியார் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். மேட்ரன் கிட்டே வந்து குனிந்தாள், நிமிர்ந்தாள், மெல்ல ஓரடி பின்னால் போனாள்.

"ஸ்வெட்டர் நல்லாத்தான் இருக்கு. இப்ப இது என்ன வாடை, சொல்லு."

"என்ன வாடை மேடம்? ஒண்ணும் இல்லையே!"

"கிட்டப் போய்ப் பாரு."

போனாள். தோளருகே, இடுப்பருகே, வேட்டி மடிப்பு வரை குனிந்து இழுத்து இழுத்து மூச்சுவிட்டாள். கம்பளி மணந்தது, ஷாம்பூ மணந்தது. வேறு ஒன்றும் வரவில்லை.

"சத்தியமா ஒண்ணும் வரலை மேடம்!"

கூடத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மேட்ரன் சிரிக்கவில்லை.

"மூத்திர வாடைம்மா. வாசல் வரைக்கும் அடிக்குது. உனக்கு எப்படி வரும்? நாள் பூரா அதுலதானே கிடக்கே. உன் மூக்கு அதை மட்டும் விட்டுட்டு மிச்சத்தை எல்லாம் புடிக்குது."

 தானே துவைத்துக்கொள்ளும் வேட்டி, கட்டிலடியில் காய்கிற உள்ளாடை, நெஞ்சைக் கட்டிக்கொண்ட கைகள் எல்லாம் இப்போது அவளுக்கு வரிசையாகப் புரிந்தன. புரிந்து என்ன பயன்? எல்லோர் முன்னாலும் நிறுத்தி நிரூபித்தவளே அவள்தான். டிரைவர் ஐயா தலை குனிந்து நின்றார். டாக்டர் வந்தார், ஒரு கையெழுத்துப் போட்டார், போனார். அவ்வளவுதான் வேலை.

துணிப்பையைத் தூக்கிக்கொண்டு அவள்தான் மாடிப்படிவரை வந்தாள். அழுகையை அடக்க முடியவில்லை.

"முதல்லயே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ஐயா!"

"எப்படிம்மா சொல்றது? பெட்டியைத் திறந்ததும் உன்கிட்டதான் கொடுக்கலாம்னு எடுத்தேன். போட்டுப் பாத்தேன். அந்த மக்கல் வாடைல என் வாடை மறைஞ்சுது. திட்டினாலும் ஸ்வெட்டரைத்தான் திட்டுவாங்கன்னு நினைச்சேன். சரி, இந்தக் குளிர் முடியறவரைக்குமாவது ஓட்டிடலாம்னு இருந்தேன்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் ஸ்வெட்டரின் கை நுனியை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"நல்லாத்தான் துவைச்சிருக்கே. கொஞ்சம்கூடச் சுருங்கலை." பிறகு அவளை நிமிர்ந்து பார்த்தார். "நிஜமாவே உனக்கு வாடை தெரியலையா?"

"தெரியலை ஐயா."

"அப்ப இந்த வீட்லயே என் பக்கத்துல உக்காரக்கூடிய ஆளு நீ ஒருத்திதான்."

வார்டு ஆள் வந்து பையை வாங்கிக்கொண்டான். டிரைவர் ஐயா கைப்பிடியைப் பற்றி ஒவ்வொரு படியாக ஏறினார். மேலே கதவு திறந்து, மூடி, பூட்டும் சத்தம் கேட்டது. அவள் ஒரு படி ஏறிவிட்டு நின்றாள். சலவைக்காரிகள் மேல்மாடிக்குப் போகக்கூடாது என்பது இல்லத்து விதி. அங்கிருந்து துணி மட்டும்தான் கீழே வரும்.