ஐநூறு ரூபாய் என்று எழுதியது யார்

அந்த ரசீதில் மதிப்பு ஐநூறு என்று எழுதியவர் நீங்கள். நான் இல்லை. நுகர்வோர் ஆணையத்தில் நீங்கள் கொடுத்திருக்கும் பதிலில் "மனுதாரர் தாமாகவே அறிவித்த மதிப்பு" என்று இருக்கிறது. அது பொய். கையெழுத்துப் போட்டுச் சொன்ன பொய்.

உங்களைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கணபதி என்கிற எங்கள் பகுதியில், எங்கள் வீதி முனையில் கூரியர் கிளை நடத்துபவர் நீங்கள். கம்பெனி பெரியது, கிளை உங்களுடையது. அதே வீதியில் வீட்டின் முன் அறையில் உட்கார்ந்து தறிகளின் எலக்ட்ரானிக் கார்டுகளைப் பழுது பார்ப்பவன் நான். ஆள் வைத்துக்கொள்ளவில்லை. மேஜை, சால்டரிங் அயர்ன், மீட்டர், நான். அவ்வளவுதான் கடை.

தறிக்காரர்கள் பழுதான கார்டை எனக்கு அனுப்புவார்கள். சரி செய்து திருப்பி அனுப்புவேன். பதினொரு வருஷமாக எல்லாம் உங்கள் கிளை வழியாகத்தான் போனது. முதல் தடவை நான் பார்சலோடு வந்தபோது என்ன மதிப்பு என்று கேட்டீர்கள். ஒரு லட்சத்துக்கு மேல் வரும் என்றேன். சிரித்தீர்கள்.

"ஏனுங்க, அப்படிப் போட்டா பில்லு கேப்பானுங்க, ரிஸ்க் சார்ஜ் கட்டச் சொல்லுவானுங்க. ரிப்பேர் சாமான்தானுங்க? ஐநூறுன்னு போட்டுக்கறேன். எல்லாரும் அப்படித்தானுங்க அனுப்பறாங்க."

எல்லாரும் அப்படித்தான் அனுப்புகிறார்கள் என்பது உண்மை. இந்த ஊரில் பம்ப் பாகமோ, மோட்டார் பாகமோ, வேலைக்குப் போய் வரும் எந்தச் சாமானும் ஐநூறு ரூபாய்ச் சாமான்தான். நானும் சரி என்று தலையாட்டினேன். தொலைந்தால் ஈடு கிடைக்கக் கட்டும் ரிஸ்க் சார்ஜ் மிச்சம் என்று சந்தோஷமும் பட்டேன். அதை மறைக்கவில்லை. மனுவிலும் எழுதியிருக்கிறேன். நான் செய்த தப்பை நான் எழுதிவிட்டேன். உங்களுடையதைத்தான் காணோம்.

தொலைந்த கார்டு சத்தியமங்கலம் பக்கத்தில் தறி ஓட்டும் ஒரு பெண்ணுடையது. வீட்டுக்காரர் இறந்த பிறகு எட்டுத் தறியையும் தனியாக நடத்துகிறார். எட்டும் வெளிநாட்டுப் பழைய தறி. அதில் ஒன்றின் மூளை அந்தக் கார்டு. ஆறாயிரம் கூலி பேசி, மூன்று நாள் உட்கார்ந்து சரி செய்தேன். திங்கட்கிழமை சாயங்காலம் உங்களிடம் கொடுத்தேன். புதன்கிழமை ஈரோடு வந்துவிட்டது என்று செல்போனில் காட்டியது. வியாழக்கிழமை மாலை நாலு மணி பன்னிரண்டு நிமிஷத்துக்கு டெலிவரி ஆனதாகக் காட்டியது. வாங்கியவர்: வாட்ச்மேன்.

வெள்ளிக்கிழமை காலையில் அந்தப் பெண் கூப்பிட்டார்.

"ஏனுங்ணா, கார்டு எப்பங்ணா அனுப்புவீங்க?"

"நேத்தே வந்துருச்சே அம்மணி. வாட்ச்மேன் வாங்கியிருக்கார்."

"எந்த வாட்ச்மேனுங்ணா? எட்டுத் தறிக்கு வாட்ச்மேன் வெச்சா அப்பறம் நான் எங்க போய்ச் சாப்பிடறது?"

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வியாழக்கிழமை அவர்கள் ஊரில் நோம்பி, கோயில் திருவிழா. தறிக்கூடம் முழுநாளும் பூட்டு. ஊரில் ஒரு தறி ஓடவில்லை.

அன்றே உங்களிடம் வந்தேன். நீங்கள் என்னை உட்கார வைத்தீர்கள். டீ வாங்கிக் கொடுத்தீர்கள். "ஒண்ணும் கவலப்படாதீங்க, ஈரோட்டுக்குச் சொல்லிப்போட்டேன், ரெண்டு நாள்ல கண்டுபுடிச்சுத் தந்துருவாங்க" என்றீர்கள். ரெண்டு நாள் கழித்து வந்தேன். "இன்னும் ஒரு ரெண்டு நாளுங்க." மறுபடியும் டீ. உங்கள் மகனுக்கு எந்தப் படிப்பில் சேர்க்கலாம் என்று என்னிடம் யோசனை கேட்டீர்கள். நானும் சொன்னேன்.

இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. திட்டியிருந்தால் அன்றைக்கே எழுதிக் கொடுத்திருப்பேன். நீங்கள் ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு 'ங்க' போட்டீர்கள். எங்கள் பக்கம் மரியாதையாகப் பேசுகிற ஒருத்தர் மேல் புகார் எழுதிக் கொடுத்தால் அவர் முகத்தில் அடித்த மாதிரி. பதினொரு வருஷப் பழக்கம் வேறு. எழுதினால் நம்பிக்கை இல்லை என்று ஆகிவிடும் என்று நினைத்தேன். இருபத்தி இரண்டு நாள் இப்படிப் போனது. ஒரு துண்டுக் காகிதம்கூட எழுதவில்லை.

இருபத்தி மூன்றாம் நாள் அந்தப் பெண்ணே பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்துவிட்டார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். அவர் மேஜையைப் பார்த்து, "ரசீது எங்கங்ணா?" என்று கேட்டார். கொடுத்தேன். யாரும் பார்க்காத பின்பக்கத்தைத் திருப்பினார். கடுகு மாதிரி எழுத்து. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு படித்தார்.

"ஏனுங்ணா, முப்பது நாளைக்குள்ள எழுத்துல கேக்கோணும்னு இருக்கே. கேட்டுப்போட்டீங்களா?"

"வாயில சொல்லியிருக்கேன்."

"வாயில சொன்னது காத்துலதானுங்ணா இருக்கும். அந்தாளு முப்பத்தொண்ணாம் நாளும் உங்களுக்கு டீ வாங்கிக் குடுப்பாரு. அதுக்கப்பறம் பிஸ்கட்டும் வாங்கிக் குடுப்பாரு."

பைக்குள் அவர் கொண்டுவந்திருந்ததைப் பார்த்தபோது எனக்கு வெட்கமாகிவிட்டது. நான் சேர்க்க வேண்டியதை எல்லாம் அவர் சேர்த்திருந்தார். தறி வாங்கியபோது உதிரிக் கார்டுக்குப் போட்ட பில், கார்டின் நம்பரோடு. அதே கார்டு இன்றைக்கு என்ன விலை என்று தறிக் கம்பெனி ஏஜென்ட் கொடுத்த விலைப்பட்டியல், ஒரு லட்சத்து நாற்பதாயிரம். வியாழக்கிழமை மூன்றரையிலிருந்து ஐந்து வரை கேட்டைப் பார்த்த கேமராப் படம். பூட்டிய கேட், அதன் முன்னால் படுத்திருக்கும் நாய். நாலு பன்னிரண்டுக்கும் நாய்தான் படுத்திருக்கிறது. ஒரு வண்டி வரவில்லை.

என்னிடம் இருந்தது, வேலை முடிந்ததும் கார்டை நம்பர் தெரிகிற மாதிரி எடுத்து அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம், என் கூலி பில், உங்கள் ரசீது. அன்றைக்கே உட்கார்ந்து எழுதினோம். எந்த நாள் கொடுத்தது, எந்த நாள் எங்கே இருந்ததாகக் காட்டியது, எந்த நாள் உங்களிடம் வந்து கேட்டேன், நீங்கள் என்ன சொன்னீர்கள். என் செல்போனில் இருந்த கால் பட்டியலைப் பார்த்து நேரத்தோடு எழுதினேன். இருபத்தி நாலாம் நாள் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபால், ஒப்புதல் அட்டையோடு. அதே கடிதம் ஈமெயிலிலும். உங்கள் கிளைக்கு ஒரு பிரதி நேரில் கொடுத்து சீல் கேட்டேன். உங்கள் முகம் அப்போதுதான் மாறியது.

"இத்தனை நாள் பழகிப்போட்டு, இப்படி எழுதிக் குடுக்கறீங்களே" என்றீர்கள். டீ வரவில்லை.

அதற்குள் அந்தப் பெண்ணுடைய தறி ஒரு மாதம் நின்றுவிட்டது. என்னைக் கேட்கவில்லை அவர். ஆனால் கார்டு என் கையிலிருந்துதான் போனது. மகளுடைய கல்லூரிக் கட்டணத்துக்காகப் போட்டிருந்த சீட்டை நஷ்டத்துக்குத் தள்ளி எடுத்து, பழைய தறி உடைக்கும் ஒரு வியாபாரியிடம் எண்பத்தி ஐயாயிரத்துக்கு அதே கார்டை வாங்கி மாட்டிக் கொடுத்தேன். கூலி வாங்கவில்லை. அந்த பில்லும் கம்பெனிக்குப் போனது.

கம்பெனி முதலில் டெலிவரி ஆகிவிட்டது என்றது. வாட்ச்மேன் கையெழுத்தைக் காட்டு என்றேன். ஒரு கோழிக் கிறுக்கலை அனுப்பினார்கள். கேமராப் படத்தை அனுப்பினேன். அப்புறம் பார்சல் தவறிவிட்டது என்று ஒத்துக்கொண்டார்கள். ஆனால் பில் பழையது, கார்டு தேய்ந்திருக்கும் என்றார்கள். கடைசியில் எதுவும் வேண்டாம், அறிவித்த மதிப்பு ஐநூறுதானே என்று ஐநூறு ரூபாய்க்குக் காசோலையும், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று நான் கையெழுத்துப் போட வேண்டிய காகிதமும் வந்தது. காசோலையைத் திருப்பி அனுப்பினேன். அந்தக் காகிதத்தை வைத்திருக்கிறேன். என் பதினொரு வருஷத்துக்கு அவர்கள் போட்ட விலை அது.

பிறகு நோட்டீஸ். பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு. வக்கீல் வைக்கவில்லை, நானே எழுதினேன். இது வியாபாரம், இவர் நுகர்வோரே இல்லை என்று கம்பெனி பதில் போட்டது. வயிற்றுப்பாட்டுக்காக ஒருத்தன் தானே உட்கார்ந்து செய்யும் தொழிலுக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதை வாதாடிக்கொள்கிறேன். அந்த பதிலைப் படித்து எனக்குக் கோபம் வரவில்லை. அவர்கள் என்னைப் பார்த்ததே இல்லை.

உங்கள் பதிலைப் படித்துத்தான் வந்தது. தாமாகவே அறிவித்த மதிப்பு. எங்கள் தரப்பில் எந்த ஆலோசனையும் தரப்படவில்லை.

அன்றைக்கு வீட்டில் கம்பியில் குத்தி வைத்திருந்த பழைய ரசீதுகளை எல்லாம் உருவினேன். உங்கள் கிளை ரசீது எல்லாம் கையால் எழுதுவது. எண்ணிப் பார்த்தால் நூற்றுப் பதினாறு. மதிப்பு என்ற கட்டத்தில் அத்தனையிலும் ஐநூறு. அத்தனையும் ஒரே கை. நீங்கள் ஐந்தைப் போட்டால் அதற்கு ஒரு வால் வைப்பீர்கள், பூனை வால் மாதிரி மேலே வளைந்து போகும். எனக்கு அந்த மாதிரி ஐந்து எழுதவே வராது. அனுப்புபவர் கையெழுத்து என்ற கோடு அத்தனை ரசீதிலும் காலி. ஒரு தடவைகூட நீங்கள் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னதில்லை. "அட, நம்மளுக்குள்ள என்னங்க" என்பீர்கள். நூற்றுப் பதினாறையும் நகல் எடுத்து ஆணையத்தில் சேர்த்துவிட்டேன்.

பணம் வருமா, எவ்வளவு வரும் என்று எனக்குத் தெரியாது. ஐநூறு என்று தலையாட்டியதற்கு என்னிடம் கொஞ்சம் குறைப்பார்கள் என்றால் குறைக்கட்டும். நான் தப்புச் செய்தவன் என்று ஏற்கெனவே எழுதிக் கொடுத்தவன். ஆனால் நான் பொய் சொன்னவன் என்று உங்கள் கையெழுத்தோடு ஒரு காகிதம் அங்கே இருக்கிறது. சத்தியமங்கலத்துப் பெண் அதைப் படித்தார். "அந்தாளு சொல்றதுதான் நெசமாங்ணா?" என்று அவர் கேட்கவில்லை. ஆனால் படித்து முடித்து, அந்த வரியை இரண்டாவது தடவையும் படித்தார். அந்த இரண்டாவது தடவைக்கு உங்களிடம் பதில் வேண்டும்.

வாய்தா தேதி உங்களுக்கும் வந்திருக்கும். கேள்விகளை எழுத்தில் கொடுத்தால் எழுத்தில் பதில் தரலாம் என்று வழக்கம் இருக்கிறதாம். வேண்டாம். இத்தனை வருஷமும் எனக்கு எல்லாவற்றையும் வாயால்தான் சொன்னீர்கள். இதையும் வாயால் சொல்லுங்கள். வக்கீலை அனுப்பாமல் நீங்களே வாருங்கள். ஹாலில் அன்றைக்கு உட்கார்ந்திருக்கும் அத்தனை பேர் முன்னாலும், அந்த ரசீதைக் கையில் பிடித்துக்கொண்டு, வால் வைத்த அந்த ஐந்தைப் பார்த்துக்கொண்டு சொல்லுங்கள்.

அதை எழுதியது யார்?