மயிரிழையில் தப்பியவை

எண்பதுகளின் தொடக்கத்தில் அக்கரைப்பற்றுக்குப் போகும் வழியில் இருந்த ஒரு பெரிய நெல் ஆலையில் நான் கிளாக்கர். ஒருநாள் கொழும்புத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. விபத்துகளையும், விபத்தாகாமல் தப்பியவற்றையும் பதியும் புத்தகத்துக்கான மாதிரி. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழாக்கி, ஸ்டென்சில் வெட்டி, ரோணியோ மெஷினில் பிரதி அடித்து, நூல் கட்டிப் புத்தகமாக்கும் வேலை என் தலையில் விழுந்தது. ஏற்கெனவே எழுத வேண்டிய புத்தகங்கள் ஆறு மேசையில் கிடந்தன. இது ஏழாவது.

படிவம் என்னவோ நல்ல படிவம்தான், பொய் சொல்லக்கூடாது. திகதி, நேரம், இடம், மெஷின், நடந்தது என்ன, கண்டவர் யார், உடனே செய்தது என்ன, இனிச் செய்ய வேண்டியது என்ன, யார் பொறுப்பு, எப்போது முடியும் என்று வரிசையாகக் கட்டங்கள். காயத்துக்கு இலக்கம் உண்டு. காயமே இல்லையென்றால் பூச்சியம். ஆலையிலேயே மருந்து கட்டினால் ஒன்று. ஆஸ்பத்திரிக்குப் போய் மறுநாள் வேலைக்கு வந்தால் இரண்டு. வேலை நாள் தவறினால் மூன்று. உறுப்புப் போனால் நாலு. உயிர் போனால் ஐந்து. அதற்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம்: ‘நடந்திருக்கக்கூடியது’. அதற்கும் அதே இலக்கங்கள்தான். காயமில்லாமல் தப்பினாலும், கை போயிருக்கக்கூடியது என்றால் பூச்சியம், நாலு என்று இரண்டையும் போட வேண்டும்.

மாதக் கடைசியில் எந்த இலக்கம் எத்தனை, எந்த இடத்தில் எத்தனை என்று கூட்டி, முந்திய மாதங்களோடு ஒப்பிட்டு, ஏறினால் மேல் அம்பு, இறங்கினால் கீழ் அம்பு போட்டு ஒரு தாள் அனுப்ப வேண்டும். மூன்று மாதத்துக்குள் ஒரே இடத்தில் ‘நடந்திருக்கக்கூடியது’ நாலோ அதற்கு மேலோ இரண்டு தரம் வந்தால், யாரையும் கேட்காமல் மெனேஜர் அந்த மெஷினை நிறுத்தித் திருத்தலாம் என்று கீழே ஒரு குறிப்பு. எனக்குப் பிடித்தது அந்தக் குறிப்புத்தான். ஏனென்றால் நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டரின் கப்பியில் மூடி இல்லை. ஏதோ பழுதுபார்க்கக் கழற்றியது, பிறகு கண்ணிலேயே படவில்லை. பெல்ட் வாயைத் திறந்துகொண்டு ஓடியது.

முதல் மாதமே ஆலையடிவேம்புக்காரர் ஒருவர் வந்து சொன்னார். அவருடைய கையிலிருந்த வெறும் சாக்கைப் பெல்ட் இழுத்ததாம். சாக்கை விட்டுவிட்டதால் தப்பினாராம். பூச்சியம், நாலு என்று பதிந்தேன். மூடி போடச் சொல்லி மெனேஜரிடம் போனேன்.

“புது மூடிக்கு நான் எழுதினா ஆறு மாசம் இழுப்பாங்க” என்றார். “இன்னொண்டு பதிவாகட்டும். அடுத்த நாளே நான் மெஷின நிப்பாட்டுறன்.”

நான் காத்திருந்தேன். விபத்துக்குக் காத்திருந்ததாக யாரும் நினைக்க வேண்டாம். விபத்தாகாத ஒன்றுக்குத்தான் காத்திருந்தேன். அடுத்த மாதம் ஒன்றும் வரவில்லை.

எலிவேட்டரைப் பார்த்துக்கொள்பவர் சாய்ந்தமருதுக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவேன். அந்த மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்தவர் ஒரு குலை கோழிக்கூட்டு வாழைப்பழத்தைக் கொண்டுவந்து எல்லோருக்கும் பகிர்ந்தார்.

“என்ன காக்கா விசேஷம்?”

“ஒண்டுமில்ல தம்பி. தின்னுங்க.”

நான் இரண்டு தின்றேன். நல்ல பழம். அதற்கு மேல் கேட்கவில்லை. நம்மவர்கள் ஸதகா என்று தானம் கொடுத்தால் ஏன் என்று துருவுவது மரியாதையில்லை.

மாதக் கடைசியில் தாளை நிரப்பினேன். எலிவேட்டர்: பதிவு ஒன்றுமில்லை. கீழ் அம்பு. மெனேஜர் முகம் மலர்ந்து கையெழுத்துப் போட்டார். “பாத்தீங்களா, குறையுது. மூடி விஷயத்தப் போகம் முடியப் பாப்பம்.” நானும் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எரிச்சல் வருகிறது.

அடுத்த மாதம் மூன்றாம் வாரம், மதிய ளுஹர் தொழுகைக்குப் பிறகு, காக்காவின் வலது கை கப்பிக்குள் போனது. பெல்ட்டில் ஒட்டிய உமியைத் தட்டப் போயிருக்கிறார். சத்தம் கேட்டு நான் ஓடிப்போனபோது மெஷின் நின்றிருந்தது. கல்முனை ஆஸ்பத்திரிக்கு வேனில் கொண்டுபோனார்கள். உயிருக்கு மோசமில்லை. விரல்கள் நாலு போய்விட்டன.

ஐந்தாம் நாள் வாக்குமூலம் எழுத ஆஸ்பத்திரிக்குப் போனேன். தலைமை அலுவலகம் போனிலேயே காரணத்தைத் தீர்மானித்துவிட்டது: தொழிலாளியின் கவனக்குறைவு. அந்த இடத்தில் முதல் மாதம் ஒன்று, போன மாதம் ஒன்றுமில்லை, ஆகவே மெஷினில் பிழையில்லை. நான் போட்ட கீழ் அம்புதான் சாட்சி. ஆளின் கவனக்குறைவு என்றானால், மெஷினை நிறுத்தும் அந்தக் குறிப்பின் கணக்கிலும் இது சேராது.

“காக்கா, இதுக்கு முதல் உங்களுக்கு அதுல ஒண்டும் நடக்கல்லயா?”

அவர் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

“போன மாசம் பெல்ட் நான் உடுத்திருந்த சாறன்ட தும்ப இழுத்த. சாறன் கிழிஞ்சி போச்சி, நான் தப்பிட்டன்.”

“ஏன் சொல்லல்ல?”

“அல்லாஹ் காப்பாத்தினான் தம்பி. அதக் கொண்டுபோய்க் குறை மாதிரி புத்தகத்துல எழுதச் சொல்றதா? ஸதகா குடுத்தன். நீங்களும் தின்டீங்கதானே.”

வாக்குமூலத் தாளை மடித்து வைத்தேன். அவரைப்போல் எத்தனை பேர் தப்பிவிட்டு, நன்றி சொல்லிவிட்டு, வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள்? எங்கள் ஊரில் வளர்ந்தவன் நான். கொழும்பிலிருந்து படிவம் அனுப்பியவருக்கு இது தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

திரும்பி வந்து, போன மாதப் பக்கத்தில் ‘பிந்திய பதிவு’ என்று தலைப்பிட்டு, நடந்த நாளையும் நான் அறிந்த நாளையும் தனித்தனியே எழுதி, பூச்சியம், நாலு என்று போட்டேன். திருத்திய மாதத் தாளையும் தயாரித்தேன். மெனேஜர் நெடுநேரம் அதைப் பார்த்தார்.

“இது போனா உங்கட தாளும் பிழை, என்ட கையெழுத்தும் பிழை எண்டு ஆகும்.”

“பிழைதானே சேர்.”

அவர் கெட்ட மனிதரில்லை. கையெழுத்துப் போட்டார். இரண்டே நாளில் கம்பிவலை மூடி வந்து பூட்டியாயிற்று. கவனக்குறைவு என்ற சொல்லைத் தலைமை அலுவலகம் எடுத்துவிட்டது. நான் மெஷின் மெஷினாகப் போய், அல்லாஹ் காப்பாற்றியதைச் சொல்வதும் நன்றிதான், அடுத்த ஆள் தப்புவார் என்று கதைத்தேன். அடுத்த மாதம் தப்பியவை ஒன்பது பதிவாயின. கொழும்பிலிருந்து கடிதம் வந்தது: உங்கள் ஆலையில் பாதுகாப்பு மோசமாகிறது, விளக்கம் தரவும். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் விளக்கம் எழுத உட்கார்ந்தேன். அந்த வேலையில் இருந்த காலம் முழுக்க அப்படி விளக்கம் எழுதியே களைத்தேன்.

மூன்று மாதம் கழித்துக் காக்கா வேலைக்கு வந்தார். கேற்றடியில் நிற்கும் வேலை. முதல் நாளே என் மேசைக்கு வந்து, தன்னைப்பற்றி எழுதியதை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

“எனக்கு என்ன நம்பர் போட்டீங்க?”

“நாலு.”

“அதுக்கு மேலயும் இரிக்கா?”

“ஓம். அஞ்சு. மௌத்து.”

“அல்ஹம்துலில்லாஹ்” என்றார். பிறகு, “சாறன் கிழிஞ்ச அண்டைக்கே நான் சொல்லியிருந்தா?” என்று கேட்டார்.

பொய் சொல்லத்தான் நினைத்தேன். முடியவில்லை.

“அடுத்த நாளே மெஷின் நிண்டிரிக்கும், மூடியும் வந்திரிக்கும் காக்கா.”

அவர் தன் சட்டைப் பையிலிருந்த பேனாவை இடது கையால் எடுத்து, மேசையிலிருந்த வரவுப் புத்தகத்தில் வேலைக்கு வந்ததற்கான கட்டத்தில் தன் பெயரை எழுத முயன்றார். இரண்டு எழுத்து எழுதிவிட்டுப் பேனாவை என்னிடம் தந்தார்.